பயிற்சிப் பதிவை வகுப்பறை உத்திகளாகச் சுருக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் குறுவள மையத்தில் நடந்த கணக்குப் பயிற்சியை போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடுகிறது. வர முடியாத ஆசிரியர்களுக்காக இதை வகுப்பறை உத்திகளாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன உதாரணத்தோடு தரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கக் கேட்க எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்:

உங்களிடம் கேட்டிருப்பது கூட்டக் குறிப்பு இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் யார் என்ன பேசினார் என்பது வரிசையாக வரும். நீங்கள் தரவேண்டியது, அன்று வராத ஓர் ஆசிரியர் நாளைக் காலை தன் வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய நாலைந்து காரியங்கள். பதிவைக் கேட்கும்போது எல்லாமே முக்கியமாகத் தெரிவது, நீங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதால்தான். பேச்சை விட்டுச் செயலைக் கவனித்தால் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

நான் சில வருடங்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். இதுபோன்ற பதிவுகளைச் சுருக்கும் வேலை அடிக்கடி என்னிடம் வரும். அதில் ஒன்றை எடுத்து, எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன் என்று சொல்கிறேன். உங்களுடையதும் கணக்குப் பயிற்சி என்பதால் அப்படியே பொருந்தும்.

அது மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான பயிற்சி. தலைப்பு, ஈரிலக்க எண்களில் இனமாற்றிக் கழித்தல். பிள்ளைகள் ‘கடன் வாங்கிக் கழிக்கிறது’ என்று சொல்வார்களே, அதுதான். பதிவு 170 நிமிடம். முதல் முறை எங்கும் நிறுத்தாமல் கேட்டேன். கையில் ஒரு நோட்டு, அதில் நிமிடம் எழுத ஒரு பத்தி, பக்கத்தில் ‘செய்’, ‘சொல்’, ‘கேள்’ என்ற மூன்று குறிகளில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் நாலு வார்த்தை. கருத்தாளர் ஆசிரியர்களை எதையாவது செய்ய வைத்தால் ‘செய்’. விளக்கம் கொடுத்தால் ‘சொல்’. ஆசிரியர்கள் கேள்வி கேட்டாலோ மறுத்துப் பேசினாலோ ‘கேள்’. வரவேற்பு, வருகைப் பதிவு, தேநீர் இவற்றுக்குக் குறியே போட வேண்டாம். கடைசியில் கூட்டிப் பார்த்தால் ‘செய்’ என்று குறித்த பகுதி 45 நிமிடம்கூட வரவில்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்த உத்திகள் அனைத்தும் அந்த 45 நிமிடத்துக்குள்தான் இருந்தன.

ஒரு நல்ல கருத்தாளர், பிள்ளைகளிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறாரோ அப்படியே நம்மிடம் நடந்துகொள்வார். அதற்குப் பெயர் சொல்லமாட்டார், ‘இதுதான் உத்தி’ என்று அறிவிக்கவும் மாட்டார். அதனால் பேச்சை மட்டும் எழுதி எடுப்பவருக்கு உத்தியே கிடைக்காமல் போய்விடும்.

அந்தப் பதிவின் 47ஆவது நிமிடம் இது. கருத்தாளர் பலகையில் 52 − 27 என்று எழுதுகிறார். கீழே 35 என்று விடையும் எழுதுகிறார்.

“இது ஒரு பிள்ளை போட்டது. யார்னு தேவையில்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கு?”

பதிவில் எட்டு வினாடி சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கிறது. அப்புறம் ஒரு குரல், “கவனக்குறைவுங்க மேடம்” என்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சில வினாடி. பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர், “பெருசுலேர்ந்து சின்னதைத்தான் கழிக்கணும்னு தெரிஞ்சு வச்சிருக்கு. அதான் ஏழுலேர்ந்து ரெண்டைக் கழிச்சிருக்கு” என்கிறார். கருத்தாளர், “சரி. வேற எப்படி 35 வந்திருக்கலாம்?” என்று அடுத்த கேள்விக்குப் போகிறார்.

இந்த இரண்டு நிமிடத்தை நான் முதலில் சுருக்கியது இப்படி: ‘மாணவர்களின் தவறுகளைப் புரிந்துகொண்டு அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும்.’ இலக்கணப் பிழை இல்லை. பதிவுக்கு மாறாகவும் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்த ஆசிரியர் நாளைக் காலை எதை வேறுவிதமாகச் செய்வார்? எதையும் இல்லை. ‘ஊக்குவிக்க வேண்டும்’, ‘ஈடுபடுத்த வேண்டும்’, ‘ஏற்படுத்த வேண்டும்’ என்று முடிகிற வாக்கியங்கள் எல்லாமே இந்த ரகம்தான். உங்கள் முதல் வரைவை எடுத்து ‘வேண்டும்’ என்று முடிகிற ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் கோடு போடுங்கள். அந்த வரியில் ஆசிரியரின் கை என்ன செய்கிறது, வாய் எந்த வார்த்தையைச் சொல்கிறது, பிள்ளை பதிலுக்கு என்ன செய்கிறது என்ற மூன்றும் இல்லையென்றால் அது இன்னும் உத்தியாகவில்லை. பதிவில் அந்த நிமிடத்துக்குத் திரும்பப் போய் மூன்றையும் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால், அது கருத்தாளர் போகிறபோக்கில் சொன்ன நல்ல கருத்து என்று எண்ணி விட்டுவிடுங்கள்.

நான் திரும்பப் போய்த் தேடியபோது அந்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு உத்திகள் இருந்தன. தவறான விடையைப் பெயர் சொல்லாமல் பலகையில் போட்டு, ‘இது எப்படி வந்திருக்கும்?’ என்று கேட்டது ஒன்று. கேட்டுவிட்டுக் காத்திருந்தது மற்றொன்று. இரண்டாவதை முதலில் தவறவிட்டேன். மௌனத்தைக் குறிப்பெடுக்க யாருக்கும் தோன்றாதே. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு இதைத்தான் கண்டுபிடித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருந்தவர்கள் குறைந்தார்கள். அதனால் உங்கள் பதிவிலும் சத்தமில்லாத இடம் வந்தால் ஓட்டிவிடாதீர்கள். எத்தனை வினாடி என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உதாரணம். இதில்தான் நான் நன்றாகச் சறுக்கினேன்.

‘வேற எப்படி 35 வந்திருக்கலாம்?’ என்று கேட்டதும் இரண்டு ஆசிரியர்கள் வாதம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்த பிள்ளைதான் அது என்பது ஒருவர் கட்சி. இல்லை, கடன் வாங்கத் தெரிந்த பிள்ளைதான், வாங்கிய பிறகு ஐந்தை நாலாக்க மறந்துவிட்டது என்பது இன்னொருவர் கட்சி. ஆறு நிமிடம் போனது. அது கிளைப்பேச்சு என்று நினைத்து நான் மொத்தமாக வெட்டிவிட்டேன். உதாரணமாக 52 − 27ஐயே எழுதி, ‘35 என்று எழுதும் பிள்ளை, பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறது’ என்று விளக்கமும் கொடுத்தேன்.

அந்தத் தாளை முதலில் ஒரு ஈராசிரியர் பள்ளியின் டீச்சரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னேன். மறுநாள் போன் செய்தார். “சார், 35 போட்ட ஆறு பிள்ளைங்கள்ல நாலு பேர்தான் நீங்க சொன்ன மாதிரி. ரெண்டு பேர் சரியா கடன் வாங்கி 12லேர்ந்து 7 போக 5ன்னு சொல்றாங்க. பத்துல ஒண்ணு குறைக்கலை, அவ்வளவுதான்.”

நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 7லிருந்து 2 போனால் 5. 12லிருந்து 7 போனாலும் 5. இரண்டு வழியிலும் பத்துகளின் இடத்தில் 3தான். ஆக, முற்றிலும் வேறான இரண்டு தவறுகளுக்கும் இந்தக் கணக்கில் ஒரே விடை. அந்த இரண்டு ஆசிரியர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கருத்தாளர் 52 − 27ஐ எடுத்ததே அந்த வாதத்தைக் கிளப்பத்தான். பயிற்சியில் ஆசிரியர்களை யோசிக்க வைக்க அது அருமையான கணக்கு. ஆனால் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்தத் தடை என்று கண்டுபிடிக்க அது உதவாது. 52ஐ 53 ஆக்கினால் போதும், தவறுகள் பிரிந்துவிடும். சரியான விடை 26. தலைகீழாகக் கழித்த பிள்ளைக்கு 34 வரும். பத்தைக் குறைக்க மறந்த பிள்ளைக்கு 36 வரும்.

பிள்ளைகளின் கழித்தல் தவறுகள் கண்டபடி வருவதில்லை, அவற்றுக்கென்று ஒழுங்கான வழிகள் உண்டு என்பதை பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இலேயே விரிவாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துவிடுவது அதில் மிகவும் பழக்கமான ஒன்று. எனவே கணக்குப் பயிற்சியைச் சுருக்கும்போது, ஒவ்வொரு உதாரணத்தையும் சரியான விடைக்கு ஒருமுறை, ஒவ்வொரு தவறான வழிக்கும் ஒருமுறை நீங்களே நோட்டில் போட்டுப் பாருங்கள். ‘கேள்’ என்று குறித்த இடங்களை வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேளுங்கள். உத்தி எங்கே உடையும் என்பது அங்கேதான் இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு என் கையில் நின்றவை ஐந்து. கொடுத்த தாளில் இருந்தபடியே தருகிறேன், வடிவம் உங்களுக்குப் புரியும்.

பெயரில்லாத தவறு. முந்தின நாள் நோட்டுகளில் அதிகம் பேர் செய்த ஒரு தவறான விடையைப் பலகையில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். ‘தப்பு’ என்றும் சொல்ல வேண்டாம். ‘இந்த விடை எப்படி வந்திருக்கும்?’ என்று மட்டும் கேளுங்கள்.
உதாரணம்: 53 − 27 = 34. ஒரு பிள்ளை, “ஏழுலேர்ந்து மூணைக் கழிச்சிட்டாங்க டீச்சர்” என்று சொன்னால், “அப்போ மூணுலேர்ந்து ஏழை எடுக்க முடியாதா?” என்று அடுத்த கேள்வி.
கவனிக்க: அந்த நோட்டுக்குரிய பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பெயர் சொன்னது போலத்தான்.

கேள்வி, மௌனம், பெயர். கேள்வியை முதலில் கேட்டு, மனதுக்குள் மூன்று எண்ணி, அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயர் முதலில் வந்தால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.
உதாரணம்: “அறுபதிலிருந்து ஒன்பதை எடுத்தால்?” ஒன்று, இரண்டு, மூன்று. “கவிதா?”

கட்டைப் பிரி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகளும் சில தனிக்குச்சிகளும் தேவை. ரப்பர் பேண்டைப் பிள்ளைதான் கழற்ற வேண்டும். பிரித்த பத்தைத் தனிக்குச்சிகளோடு சேர்த்து எண்ணிய பிறகு, கழிப்பதற்கு முன்னால், ‘இப்போ எத்தனை கட்டு மிச்சம்?’ என்று கேளுங்கள். அதன் பிறகே நோட்டில் எழுதலாம். ‘கடன் வாங்கு’ என்ற சொல்லை இந்த வாரம் தவிர்த்து, ‘கட்டைப் பிரி’ என்றே சொல்லுங்கள்.
உதாரணம்: 53க்கு 5 கட்டு, 3 குச்சி. ஒரு கட்டைப் பிரித்தால் 4 கட்டு, 13 குச்சி. 2 கட்டும் 7 குச்சியும் எடுத்துவிட்டால் மிச்சம் 2 கட்டு, 6 குச்சி.
கவனிக்க: ஆசிரியர் மேசையில் வைத்துச் செய்து காட்டினால் பலன் குறைவு. குச்சி போதவில்லையென்றால் நாலு பேருக்கு ஒரு தொகுதி கொடுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் பிரிக்கிற பிள்ளையை மாற்றுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் சொன்னது. கணக்கைப் போடுவதற்கு முன், முதலில் என்ன செய்வாய் என்பதை ஒரு நிமிடம் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, ‘நீ என்ன சொன்னாய்?’ என்று கேட்காமல், ‘அவள் என்ன சொன்னாள்?’ என்று கேளுங்கள்.
உதாரணம்: 61 − 38. “மீனா ஒரு கட்டைப் பிரிக்கணும்னு சொன்னா டீச்சர், ஏன்னா ஒண்ணுலேர்ந்து எட்டு எடுக்க முடியாது.”

மூன்று அடுக்கு. பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். விடையைப் பார்த்து அடுக்குங்கள், அவ்வளவுதான்.
உதாரணம்: 40 − 16. 24 என்பது ஓர் அடுக்கு. 36 இன்னோர் அடுக்கு, இவர்கள் தலைகீழாகக் கழித்தவர்கள். 34 மூன்றாவது, இவர்களுக்கு நாளைக்கு ‘எத்தனை கட்டு மிச்சம்?’ என்ற கேள்வி மட்டும் போதும். எதிலும் சேராத விடை வந்தால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள்.

‘கவனிக்க’ என்ற வரி எல்லா உத்திக்கும் இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். கருத்தாளர் எச்சரித்த இடத்தில் மட்டும் போட்டேன். வடிவம் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றை எழுதி வைத்தால், படிப்பவருக்கு எது உண்மையான எச்சரிக்கை என்று தெரியாமல் போகும். நீளமும் அப்படித்தான். குச்சிக் கட்டுக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டது, மௌனத்துக்கு மூன்று வரி போதும்.

உதாரணத்தை எங்கிருந்து எடுப்பது என்று குழப்பம் வரும். பதிவில் நடந்ததையே எடுங்கள். அதில் இல்லாவிட்டால் மட்டும் சொந்தமாக எழுதி, ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அது நீங்கள் சேர்த்தது என்று அடியில் குறிப்பிடுங்கள். என் தாளில் 61 − 38 அப்படிச் சேர்த்தது. 53 − 27க்கும் குறி போட்டு, பயிற்சியில் இருந்தது 52 என்றும் ஏன் மாற்றினேன் என்றும் இரண்டு வரி எழுதினேன். இன்னொன்று, பயிற்சியில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பேசுவார்கள். “எங்க கிளாஸ்ல இன்னாருக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது” என்பது போலவும் வரும். அந்தப் பெயர் எதுவும் தாளுக்கு வரக்கூடாது. கவிதாவும் மீனாவும் நான் வைத்த பெயர்கள்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரப் பதிவுக்கு முதல் கேட்பு மூன்று மணி, ‘செய்’, ‘கேள்’ பகுதிகளை மறுபடி கேட்க இரண்டு மணி, எழுத இரண்டு மணி என்று ஆகும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஐந்துக்கு மேல் உத்தி கிடைத்தால், பொதுவாக இரண்டு ஒன்றாக இருக்கவேண்டியவை பிரிந்து நிற்கின்றன என்று அர்த்தம். இரண்டுக்கும் ஆசிரியர் சொல்லும் வார்த்தை ஒன்றேதானா என்று பாருங்கள், ஆமென்றால் சேர்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் எல்லோருக்கும் அனுப்பிவிடாமல், பயிற்சிக்கு வராத ஒரே ஒருவரிடம் முதலில் கொடுங்கள். வந்தவரிடம் கொடுத்தால், தாளில் விட்டுப்போனதை அவர் தன் ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொண்டு ‘நன்றாக இருக்கிறது’ என்பார். வராதவர், “கட்டை யார் பிரிக்கணும், நானா பிள்ளையா?” என்று கேட்பார். என் முதல் தாளில் அந்த வரி இல்லை, அந்த டீச்சர் கேட்ட பிறகுதான் சேர்த்தேன். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் போனில் பதில் சொல்லிவிட்டு விட்டுவிடாமல், அந்தப் பதிலைத் தாளில் அதற்குரிய இடத்தில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு உத்தியின் பக்கத்திலும் பதிவின் நிமிடத்தையும் குறித்துவையுங்கள். சந்தேகம் வருகிறவர் மூன்று மணி நேரத்தையும் ஓட்ட வேண்டியதில்லை, 47ஆவது நிமிடத்தைப் போட்டு அந்த எட்டு வினாடியைத் தானே கேட்டுக்கொள்ளலாம்.